சம்பளப் பிரிவில் ஜாப் ஷேர்: வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவில்

பிரிட்டனில் ஒரு சம்பளப் பிரிவு வேலையை நாங்கள் இருவர் பல ஆண்டுகளாகப் பங்கிட்டுப் பார்க்கிறோம். ஒருவருக்குத் திங்கள் முதல் புதன், மற்றவருக்குப் புதன் முதல் வெள்ளி. புதன்கிழமை இருவரும் இருப்பதால் நிர்வாகம் வாரத்துக்கு 6 நாள் சம்பளம் தருகிறது. அதை மிச்சம் பிடிக்க ஆளுக்கு இரண்டரை நாள் என்று பிரித்தால், ஒப்படைப்பு வேலை அவரவர் வீட்டு நேரத்தில்தான் நடக்கும்.

புதன்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம். வெள்ளி மாலை போகிறவரும் திங்கள் காலை வருகிறவரும் சந்திப்பதே இல்லை. பெரும்பாலான தவறுகள் அங்கேதான். உதாரணமாக, ஓர் ஊழியரின் ஓவர்டைம் தாளுக்கு வியாழனன்று மேலாளரிடம் ஒப்புதல் கேட்கிறோம். அவர் திங்களன்று, கேட்டவரின் சொந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறார். கேட்டவர் புதன்தான் வருவார். சம்பளப் பட்டியலோ செவ்வாய் மதியமே மூடப்படுகிறது. ஒப்புதல் வந்தும் பணம் போகாது.

அதனால் எல்லாக் கடிதப் போக்குவரத்தும் பொது இன்பாக்ஸ் வழியாகவே நடக்க வேண்டும். வெள்ளி மாலை எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில் முடிந்த வேலைகளை எழுதித் தள்ளத் தேவையில்லை. எது நிற்கிறது, யார் பதில் தர வேண்டும், எந்த நேரத்தைத் தாண்டினால் சிக்கல் என்ற மூன்றும் போதும். மேலே சொன்ன விஷயத்துக்கு, "ஓவர்டைம் தாள், மேலாளர் ஒப்புதல் பாக்கி, செவ்வாய் 10 மணிக்குள் வராவிட்டால் போன் செய்க" என்று ஒரு வரி இருந்தால் தப்பித்திருக்கும்.

பொறுப்பை நாள்வாரியாகப் பிரிக்கக் கூடாது. பட்டியல் முழுவதும் இருவருடையது. ஆனால் லாகின் தனித்தனி. வசதிக்காகப் பாஸ்வேர்டைப் பகிர்ந்தால், ஒருவரின் வங்கிக் கணக்கு எண்ணை யார் மாற்றினார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட மாற்றங்களை ஒருவர் பதிவுசெய்ய, மற்றவர் புதனன்று சரிபார்க்கிறார்.

மதிப்பீட்டில் ஆளுக்கு எத்தனை புகார் என்று எண்ணுவது பெரிய அநியாயம். வெள்ளியன்று சம்பளம் போனால் புகார்கள் திங்கள்காரரிடம்தான் குவியும். அவற்றின் காரணம் யாரிடமும் இருக்கலாம். பிழையில்லாத பட்டியல், நேரத்துக்குப் பட்டுவாடா இரண்டும் கூட்டு இலக்காக இருக்கட்டும். ஒப்படைப்புக் குறிப்பின் தரம், சரிபார்ப்பில் கவனம் ஆகியவை தனி மதிப்பீடு. ஒப்பந்தம் இருவருக்கும் தனித்தனி என்பதால் மதிப்பீட்டுக் கூட்டமும் தனித்தனியாகவே நடக்க வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கிறாரா என்பது குறிப்புகளிலேயே தெரியும்: சிக்கலான விஷயங்கள் வாராவாரம் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்.

விடுமுறைக் கணக்கையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இங்கிலாந்தில் வழக்கமான 8 பொது விடுமுறைகளில் நான்கு பெரும்பாலும் திங்களன்றே வரும். அவற்றையும் சேர்த்து இருவருக்கும் சமமாக, ஆண்டுக்குக் குறைந்தது 16.8 நாள் என்று ஒரே கணக்காக வைப்பதுதான் நியாயம். ஒருவர் விலகினால் மீதி நாள்களை மற்றவர் ஏற்க வேண்டுமா, புது ஆள் தேட எத்தனை வாரம் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.