அனிசீட் என்று சொல்லி இரண்டு முறை சோம்பை விற்றார்கள்: வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த நவம்பரில் இணையவழி மசாலா விற்பனையாளர் ஒருவரிடம் 200 கிராம் அனிசீட் வாங்கினேன். விலை 560 ரூபாய். வந்தது சோம்பு. திருப்பி அனுப்பினேன், மாற்றாக வந்த பொட்டலத்திலும் சோம்புதான் இருந்தது, ஆனால் அதை உடனே கண்டுகொள்ள முடியாத வேறொரு வகைச் சோம்பு. பணம் போனதைவிட, "இரண்டும் ஒன்றுதானே" என்று அவர் சொன்ன பதிலே என்னை இதை எழுத வைத்தது, ஏனென்றால் இரண்டும் ஒன்றல்ல.

எதற்காக அனிசீட் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவரின் வேலை காரணமாக நாங்கள் சில ஆண்டுகள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்தோம். அந்தப் பகுதியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஸ்ப்ரிங்கர்லே என்ற பிஸ்கட்டை வீடுகளில் செய்வார்கள். முட்டையையும் பொடித்த சர்க்கரையையும் நன்றாக அடித்து, மைதாவைச் சேர்த்துப் பிசைந்து, பூவும் பறவையும் செதுக்கிய மர அச்சால் அழுத்தி, ஓர் இரவு முழுவதும் காய வைத்து, மேல்புறம் வெள்ளையாகவே இருக்கும்படி மிதமான சூட்டில் சுடுவார்கள். அதில் வெண்ணெய் கிடையாது, ஏலக்காய் கிடையாது. வாசனைக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று: தட்டில் பரப்பி வைத்த அனிசீட் விதைகள். காயும் இரவில் பிஸ்கட்டின் அடிப்பக்கம் அந்த விதைகளின் மேல் அமர்ந்து அவற்றின் மணத்தை வாங்கிக்கொள்ளும். கோயம்புத்தூருக்குத் திரும்பிய பிறகும் ஆண்டுதோறும் தெரிந்த சில குடும்பங்களுக்கு இதைச் செய்து கொடுத்துவருகிறேன். அங்கிருந்து கொண்டுவந்த விதை தீர்ந்துபோனதால்தான் இங்கே தேடினேன்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தவுடனே தெரிந்துவிட்டது. நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே நீளமான, வெளிர்பச்சை விதை. தொலைபேசியில் அழைத்தபோது விற்பனையாளர், "மேடம், சோம்புக்கு ஆங்கிலத்தில் அனிசீட் என்றுதான் பெயர், நீங்கள் கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறோம்" என்றார். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். இந்தியாவில் சோம்புப் பொட்டலங்களின் மேலும், ஆங்கிலத்தில் எழுதப்படும் நம் ஊர்ச் சமையல் குறிப்புகளிலும், சோம்பை அனிசீட் என்று எழுதும் வழக்கம் வெகுநாளாக இருக்கிறது. ஆனால் சோம்புக்கு, அதாவது நெல்லை, நாகர்கோவில் பக்கத்திலும் இலங்கையிலும் பெருஞ்சீரகம் என்று சொல்லப்படும் விதைக்கு, உரிய ஆங்கிலப் பெயர் ஃபென்னல். தாவரப் பெயர் ஃபெனிகுலம் வல்காரே. அனிசீட் என்பது பிம்பினெல்லா அனிசம் என்ற வேறொரு செடியின் விதை. கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவை சேர்ந்த அதே குடும்பத்தில் இரண்டும் பிறந்திருந்தாலும் செடி வேறு, விதை வேறு. சோம்பு குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பெருமளவில் விளைகிறது. அனிசீட் துருக்கி, சிரியா, எகிப்து, ஸ்பெயின் போன்ற மத்தியதரைக்கடல் பக்கத்து நாடுகளின் பயிர். சோம்பைப் போலப் பல மடங்கு விலை கேட்பதற்கு அந்தத் தூரம் ஒரு நியாயமான காரணம். உள்ளே இருப்பது சோம்பாக இருந்தால் அந்த நியாயம் இல்லை.

ஸ்டுட்கார்ட்டில் எந்த மளிகைக் கடையிலும் ஒரு மூலிகைத் தேநீர்ப் பெட்டி கிடைக்கும். வயிற்று உப்புசத்துக்காகக் குடிப்பது. அதன் பெயரே ஃபென்கெல், அனிஸ், க்யூமெல் என்று மூன்று விதைகளை வரிசையாகச் சொல்லும்: சோம்பு, அனிசீட், சீரகத்தைப் போன்ற தோற்றமுடைய காரவே விதை. முதல் இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே பெட்டியில் இரண்டையும் தனித்தனியே பெயரிட்டுப் போடமாட்டார்கள் என்று விற்பனையாளரிடமும் சொன்னேன். அதன் பிறகுதான் மாற்றி அனுப்ப ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது பொட்டலம்தான் எனக்குப் பெரிய நட்டத்தைத் தந்தது. அதில் இருந்த விதைகள் சிறியவை, மெல்லியவை, இனிய மணம் உடையவை. அனிசீட் சோம்பைவிடச் சிறியது என்பது எனக்குத் தெரியும் என்பதால், அளவைப் பார்த்ததும் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். பிஸ்கட் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கியிருந்தது. நான்கு முட்டை, அரைக் கிலோ சர்க்கரை, அரைக் கிலோ மைதாவில் மாவு பிசைந்து, அச்சிட்டு, விதைகளின் மேல் அடுக்கி வைத்தேன். மறுநாள் சுட்டு, ஆறிய ஒன்றைக் கடித்தபோது, உணவகத்தில் பில் வரும்போது தட்டில் வைக்கும் சோம்பின் சுவை அப்படியே வாயில் நின்றது. பிறகுதான் விதையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அது லக்னோ சோம்பு என்று கடைகளில் விற்கும், முற்றுவதற்கு முன்பே பறித்து நிழலில் உலர்த்திய மெல்லிய ரகம். சாப்பாட்டுக்குப் பின் மெல்வதற்கு அருமையான பொருள் அது. ஆனால் அனிசீட் அல்ல.

ஆகவே அளவை மட்டும் நம்ப வேண்டாம். அனிசீட் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். சாதாரணச் சோம்பு அதைவிட நீளம் என்றாலும் லக்னோ சோம்பு ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடுகிறது. வடிவத்தைப் பாருங்கள். சோம்பு இரு முனையும் ஒடுங்கி, நெல்லைப் போல நீண்டு, மேலே கோடுகள் தெளிவாக எழுந்து நிற்கும். அனிசீட் அடியில் பருத்து மேலே குறுகிய சிறு பேரிக்காய் போல இருக்கும். பல விதைகளில் மயிரிழை போன்ற காம்பு ஒட்டிக்கொண்டே வரும். நிறமும் உதவும்: அனிசீட் மங்கிய சாம்பல் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்குமே தவிர, கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருக்காது. எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் அதன் மேலுள்ள நுண்ணிய ரோமம். சோம்பின் தோல் வழவழப்பானது. அனிசீட்டை விரல்களுக்கிடையே உருட்டினால் லேசான சொரசொரப்பு தெரியும். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் ரோமமே தெரியும். என் இரண்டாவது பொட்டலத்தில் ஒரு விதையில்கூட ரோமமோ காம்போ இல்லை.

சுவைக்கு வருகிறேன். இரண்டுக்கும் பொதுவான இனிப்பு மணத்தைத் தருவது அனெத்தோல் என்ற ஒரே பொருள்தான். மக்கள் குழம்புவதற்கும் அதுவே காரணம். சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பான பொருள் அது. அனிசீட்டின் எண்ணெயில் பெரும்பகுதி, 80 முதல் 90 விழுக்காட்டுக்கும் மேல், அனெத்தோலாகவே இருக்கும். அதனால் ஒரு சிட்டிகை மென்றால் உடனே இனிப்பு வரும். அதிமதுரத்தை மெல்வது போல நாக்கில் தங்கும். வேறெந்தச் சுவையும் குறுக்கே வராது. சோம்பின் எண்ணெயில் அனெத்தோலின் பங்கு குறைவு. கூடவே ஃபென்கோன் என்ற பொருள், ரகத்தைப் பொறுத்துச் சிறிதாகவோ கணிசமாகவோ இருக்கும். கற்பூரத்தை நினைவூட்டும் குளிர்ச்சியும், மென்று முடிக்கும்போது மெல்ல எழும் கசப்பும், பச்சைத் தழை போன்ற வாசமும் சேர்ந்த அந்தச் சுவையை நாம் சோம்பு என்று அறிகிறோம்.

அந்தக் குளிர்ச்சியும் கசப்பும் குறைகள் அல்ல. கறிக்குழம்பில் இறைச்சியின் கொழுப்பையும் மிளகாயின் காரத்தையும் எதிர்கொண்டு நிற்பது அவைதான். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் பெருஞ்சீரகம் சேர்வதும், செட்டிநாட்டு வறுவலில் எண்ணெய் காய்ந்ததும் சோம்பு விழுவதும் அதனால்தான். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தம்பி ஒருவர், ஆங்கிலக் குறிப்பில் அனிசீட் என்று இருந்ததை நம்பி, கடையில் அனிஸ் பொட்டலம் வாங்கிக் கோழிக்குழம்பு வைத்தார். "அக்கா, குழம்பில் மிட்டாய் வாசனை வருகிறது" என்று சொல்லிக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை. குறிப்பில் இருந்த சொல்தான் தவறு. வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் ஊர்க் குறிப்பைப் பார்த்துச் சமைப்பவர்கள், அதில் அனிசீட் என்று கண்டால் ஃபென்னல் என்று படித்துக்கொள்வது நல்லது. ஐரோப்பியப் பிஸ்கட் அல்லது ரொட்டிக் குறிப்பில் அதே சொல் வந்தால் மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அனிசீட் கிடைக்காதபோது சோம்பைக் கூடுதலாகப் போட்டு ஈடுகட்ட முடியாது; அளவைக் கூட்டினால் இனிப்போடு கசப்பும் சேர்ந்தே கூடும். நம் கடைகளில் கிடைப்பவற்றுள் அனிசீட்டுக்கு மிக நெருக்கமான சுவை உடையது, பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ. அது முற்றிலும் வேறொரு மரத்தின் காய் என்றாலும், அதன் எண்ணெயும் பெரும்பாலும் அனெத்தோல்தான். சற்றுக் காரமும் அழுத்தமும் அதிகம் என்பதால், நன்றாகப் பொடித்துச் சலித்து, மிகக் குறைவாகச் சேர்க்க வேண்டும். கடைசியில் நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டாவது முறை பிசைந்த மாவில் கால் தேக்கரண்டி அன்னாசிப்பூப் பொடியைக் கலந்து சுட்டேன். ஸ்ப்ரிங்கர்லே சாப்பிட்டுப் பழகிய என் கணவர், மணம் சரியாக இருக்கிறது, அடியில் பல்லில் கடிபடும் விதைதான் இல்லை என்றார். சோம்பு மணந்த முதல் தட்டைப் பணம் வாங்காமல் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

விற்பனையாளர் பாதித் தொகையை மட்டும் திருப்பித் தந்தார். விதையைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய இணையப் பக்கத்தில் இன்றும் அதே பொருள் அதே பெயரில் இருக்கிறது. படத்தில் உள்ளது உண்மையான அனிசீட்; காம்புகூடத் தெரிகிறது. ஆனால் பொட்டலத்தின் பின்புறம், மூலப்பொருள் என்ற இடத்தில், சின்ன எழுத்தில் இந்தியில் சௌன்ஃப் என்று அச்சிட்டிருந்தது. அது சோம்பின் பெயர். இப்போது நான் யாரிடம் வாங்கினாலும் பணம் கட்டும் முன் இரண்டைக் கேட்கிறேன்: பொட்டலத்தின் பின்புறப் படம், அதில் பிம்பினெல்லா அனிசம் என்ற தாவரப் பெயர். இதுவரை கேட்ட மூவரில் ஒருவர் மட்டும் படத்தை அனுப்பினார். அவரிடம் 50 கிராம் வாங்கியிருக்கிறேன். விதையில் ரோமம் இருக்கிறது.