பாச்சை உருண்டை வாசனை போக எங்கள் கம்பளிகளுக்கு எத்தனை நாள் ஆனது: மூன்று வருட அனுபவம்

அப்பா ரயில்வேயில் இருந்தபோது எட்டு வருஷம் டெல்லியில் குடியிருந்தோம். பழைய வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பி வந்தபோது ஒரு மரப்பெட்டி நிறையக் கம்பளி வந்தது. அதில் மிஞ்சியவை மூன்று: அப்பாவின் நீலக் கோட், அம்மா கையால் பின்னிய ஸ்வெட்டர், ஒரு குல்லு சால்வை. அந்து அரித்துவிடும் என்று அம்மா வருஷாவருஷம் பரணில் ஏறி, அந்தப் பெட்டியில் கைப்பிடி பாச்சை உருண்டையைப் போட்டுவிட்டு இறங்குவார்.

மூன்று வருஷத்துக்கு முன் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. மார்கழிக் குளிருக்கு அந்தச் சால்வையில் சுற்றிக் கொடுக்கலாம் என்று அம்மா இறக்கினார். பெட்டியைத் திறந்ததும் தெருவாசல் வரை வாசனை போனது. குழந்தை மருத்துவரிடம் போயிருந்தபோது தங்கச்சி இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அந்தத் துணி குழந்தை மேல படவே கூடாது" என்றார். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின் உடம்புக்குள் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது கடுமையாக இருக்கும், மஞ்சள் காமாலை ஏறும். அந்தக் குறை இருப்பது பெரும்பாலும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. உருண்டையை விழுங்கினால்தான் ஆபத்து என்றில்லை, உருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தியே பச்சைக் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் 2008-இலேயே நாப்தலின் உருண்டை விற்பதை நிறுத்திவிட்டார்கள். "அப்ப சூடம் வைக்கலாமா" என்று அம்மா கேட்டார். சூடமும் வேண்டாம். குழந்தை அதை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரும்.

அன்றிலிருந்து இந்த மூன்று துணியோடும் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். சால்வையைக் குழந்தைக்குப் பயன்படுத்தவே இல்லை, வேறு பருத்திப் போர்வை வாங்கினோம்.

முதல் இரண்டு வாரம் வீண். ஸ்வெட்டரை மூன்று முறை துவைத்தேன், வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்தேன், கடைசியில் வாசனைத் திரவமும் தெளித்துப் பார்த்தேன். ஈரமாக இருக்கும்போது போனது போலத் தெரியும், காய்ந்ததும் திரும்ப வந்துவிடும். காரணம் எளிது. நாப்தலின் தண்ணீரில் கரையாது. அது திடப்பொருளாக இருந்தே நேராக ஆவியாகும், அந்த ஆவி கம்பளி இழைக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். வந்த வழியாகத்தான் அது வெளியே போகவும் வேண்டும். அதற்குத் தேவை சூடும், ஓடுகிற காற்றும். முப்பது டிகிரியிலிருந்து நாற்பது டிகிரிக்குப் போனால் அதன் ஆவியாகும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

மாசி பிறந்ததும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். முதலில் துணியை உதறி, மடிப்பு, பை, காலர் அடியில் எல்லாம் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். கோட்டின் உள்பையில் சர்க்கரைத் துகள் போல வெள்ளைப் பொடி இருந்தது. உருண்டை கரைந்து மிச்சமான துகள் அது. அதை எடுக்காமல் எத்தனை நாள் காய வைத்தாலும் பிரயோஜனமில்லை. பிறகு துணிகளை ஒன்றோடு ஒன்று தொடாமல், உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டேன். சால்வைச் சாயம் வெளுத்துவிடாமல் மேலே ஒரு பழைய வேட்டியை விரித்தேன். சூடு உள்ளே வரும், வெயில் நேராகப் படாது.

எங்கள் பக்கத்தில் நேரம் பார்த்துத்தான் போட வேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து கடல்காற்று திரும்பும் வரைதான் கணக்கு. கடல்காற்று வந்துவிட்டால் ஈரம் ஏறும், அதோடு காசிமேட்டு மீன் வாடையும் வரும். கம்பளி எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் மறந்து மாலை வரை விட்டுவிட்டேன், சால்வையில் இரண்டு வாடையும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு மதியமே எடுத்து, மாடி அறையில் ஜன்னலைத் திறந்து வைத்து டேபிள் ஃபேன் முன்னால் தொங்கவிட்டேன். ஆட்கள் படுக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள். துணியிலிருந்து வெளியேறுவதைத்தான் நாம் மூச்சில் இழுப்போம். இஸ்திரிப் பெட்டியாலும் சூடு கொடுக்காதீர்கள், ஆவி மொத்தமாக முகத்தில் அடிக்கும்.

சால்வைக்குப் பதினெட்டு நாள் ஆனது. ஸ்வெட்டருக்கு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல். கோட் மட்டும் நான்கு மாதம் இழுத்தது. அதன் லைனிங் துணியும் தோள்பட்டைப் பஞ்சும் வாசனையை விடவே மாட்டேன் என்றன. நடுவில் ஒரு லாண்டரியில் டிரை கிளீனிங் கொடுத்தேன். வாசனைத் திரவம் அடித்து, மடிப்புக் கலையாமல் வந்தது, இரண்டு நாளில் பழைய வாசனை மேலே வந்துவிட்டது. விசாரித்தபோது அவர்கள் தண்ணீரில் துவைத்து நீராவி இஸ்திரி போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உண்மையான டிரை கிளீனிங் திரவத்தில் நாப்தலின் கரையும், அதனால் அது உதவக்கூடிய வழிதான். கொடுக்கும் முன் "தண்ணியா, கெமிக்கலா" என்று கேட்டுவிடுங்கள்.

வாசனை போய்விட்டதா என்பதற்கு நம் மூக்கை நம்ப முடியாது. தினமும் முகர்ந்து அதற்குப் பழகிவிடும். நான் துணியை ஒரு பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஒருநாள் வைத்தேன். மறுநாள் மதியம் வெயிலில் அரை மணி நேரம் பையோடு வைத்து, பக்கத்து வீட்டு அக்காவைத் திறந்து முகரச் சொன்னேன். கோட்டுக்கு அவர் ஐந்து முறை "இன்னும் இருக்குடி" என்றார். ஆறாவது முறைதான் உள்ளே எடுத்தேன். வாசனை தெரியவில்லை என்றாலும் நாப்தலின் ஒரு துளிகூட இல்லை என்று அர்த்தமில்லை. பெரியவர்கள் உடுத்த இது போதும், பச்சைக் குழந்தைக்குப் போதாது.

உருண்டையை நிறுத்தியாயிற்று, அந்துக்கு என்ன செய்வது? அம்மாவின் கவலை நியாயமானது. பறக்கிற அந்து கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். நம் வீட்டுச் சுவரில், பூசணி விதை அளவில் தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒரு கூடு மெதுவாக ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதும் அந்துப் புழுதான். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் அதற்கு ஆகாரம். எங்கள் பீரோவுக்குப் பின்னால் ஒரு நாளில் பதினொன்று எடுத்தேன். வியர்வையும் குழம்புக் கறையும் பட்ட இடத்தைத்தான் புழு முதலில் தேடி வரும். சால்வையில் இருந்த இரண்டு ஓட்டையும் அம்மா கை துடைக்கும் முனையில்தான் இருந்தன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரம் ஒழுங்கில்லாத சின்ன ஓட்டைகளும், பக்கத்தில் மணல் போன்ற பொடியும், மெல்லிய பட்டு நூலும் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் புழு உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் எடுத்து வைக்கும் முன் துவைப்பது முதல் காவல். கம்பளிக்கான திரவ சோப்பில், வெறும் தண்ணீரின் சூட்டிலேயே, கசக்காமல் அமுக்கி எடுக்கிறேன். துவாலையில் சுருட்டி நீரை உறிஞ்ச வைத்து, தரையில் விரித்துக் காய வைக்கிறேன். கோட்டை மட்டும் பிரஷ் போட்டு டிரை கிளீனிங் கொடுக்கிறேன்.

அடுத்தது ஃப்ரீஸர். முட்டையும் புழுவும் குளிரில் சாகும். மைனஸ் பதினெட்டு டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். காய்ந்த துணியை ஜிப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி எடுத்து மூடி வைக்கிறேன். இரண்டு கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரில் அந்தக் குளிர் வரும், ஐஸ் பெட்டி மட்டும் உள்ள ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜை இதற்கு நம்ப மாட்டேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கவே கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை ஒருநாள் அப்படியே விட வேண்டும். இல்லையென்றால் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த துணியில் நீராய்ப் படிந்துவிடும். பைக்கு வெளியே முத்து முத்தாக வியர்ப்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

முதல் வருஷம் ஒரு தப்பு செய்தேன். ஐப்பசி மழைக்கு நடுவில் கோட்டைக் கை தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று பையில் போட்டு இறுக்கி மூடினேன். தையில் திறந்தபோது காலரில் சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளிகள். அந்துக்குப் பயந்து மூடியதில் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. மாடியில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பிரஷ் போட்டு, இரண்டு நாள் வெயில் காட்டினேன். புள்ளி போனது, கறை லேசாக இருக்கிறது. இப்போது மழைக்காலத்தில் எதையும் மூடுவதில்லை. வைகாசி, ஆனியில் மேற்குக் காற்று வறண்டு வீசும் காலையில்தான் மூடுகிறேன், ஒவ்வொரு பையிலும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. ஆரஞ்சு நிற மணி பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுகிறேன்.

அம்மா வேப்பிலையும் வசம்பும் வேண்டும் என்றார். வேப்பிலையை நிழலில் காய வைத்து, வசம்புத் துண்டோடு மல் துணியில் முடிந்து பீரோ மூலையில் வைக்கிறோம். ஆனால் அது காவலுக்குக் கூடுதல் துணை மட்டும்தான். உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது, வாசனை குறைந்தால் பலனும் குறையும். துணி மேல் நேராகத் தூவினால் இலை நொறுங்கிக் கறையாகும். வருஷத்தில் இரண்டு முறை, தை முடிவிலும் ஆனியிலும், பையைத் திறந்து வெளிச்சத்தில் பார்ப்பதுதான் எனக்கு அதைவிட நம்பிக்கை. மூன்று வருஷத்தில் புது ஓட்டை ஒன்றுகூட விழவில்லை.

மிஞ்சிய உருண்டைகளை மூடியுள்ள பாட்டிலில் போட்டு, என்னவென்று எழுதி ஒட்டி, குப்பை வண்டியில் வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுத்தேன். கழிவுநீர்க் குழாயில் போடவில்லை. அந்த மரப்பெட்டியைக் கழுவி, வெயிலில் வைத்து, உள்ளே கரித்துண்டுகளும் போட்டுப் பார்த்தேன். மரம் குடித்ததை இன்னும் விடவில்லை. பரணிலேயே இருக்கிறது, அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள் அதில் இருக்கின்றன.