சொற்பட்டியலா, பயிற்றுவித்த மாடலா: கேஸ் ஷீட்டில் சுயதீங்கைத் தேடும் இரண்டு வழிகள்

டெல்டா மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கேஸ் ஷீட்டுகளில், நோயாளி தன்னைத் தானே துன்புறுத்திக்கொண்டதைச் சொல்லும் குறிப்புகளை மட்டும் கணினி பிரித்தெடுக்க வேண்டும். மாதிரிக்கு எழுதிய மூன்று வரிகள்:

```
alleged h/o OPC exposure while spraying, denies SI
alleged h/o OPC consumption at home
T. Atorvastatin 10 mg OD
```

`OPC` என்பது ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி, `SI` தற்கொலை எண்ணம். முதலாமவர் குறுவை வயலுக்கு மருந்து அடிக்கும்போது மூச்சில் ஏற்றுக்கொண்டவர். இரண்டாமவர்தான் நாம் தேடுபவர். மூன்றாவது வெறும் மாத்திரைச் சீட்டு. அந்த `OD` ‘தினம் ஒரு வேளை’. ஆனால் அளவுமீறிய மாத்திரைக்கும், கண் பிரிவில் வலது கண்ணுக்கும் அதே இரண்டெழுத்துதான்.

சொற்பட்டியல் வழியில் `OPC`, வேண்டுமென்றே செய்துகொண்ட சுயதீங்கைக் குறிக்கும் `DSH`, `OD` போன்றவற்றைத் தேடி, அருகில் மறுப்புச் சொல் இருந்தால் தள்ளிவிடுவோம். 2001-இல் வந்த நெக்எக்ஸ் முறையின் அடிப்படை இதுதான். ஒரு வரி ஏன் சிக்கியது என்று மருத்துவருக்குக் கைகாட்டிச் சொல்லலாம். மில்லிகிராமுக்குப் பின் வரும் `OD`-ஐ ஒரே வரியில் ஒதுக்கலாம்:

```python
re.compile(r"(?<!mg )\bOD\b")
```

`10mg OD` என்று இடைவெளியில்லாமல் அடித்தாலும் இது வேலை செய்யும். `10 mg  OD` என்று இரண்டு இடைவெளி விட்டால் கோட்டைவிடும். விதிகளோடு மல்லுக்கட்டுவது என்றால் இதுதான்.

இதைவிட நுட்பமான சிக்கல் `alleged`. இதைச் சந்தேகச் சொல்லாக எடுத்துக்கொண்டு மதிப்பைக் குறைத்தால், மெடிகோலீகல் கேஸ்களெல்லாம் கைநழுவும். நம் அவசரப் பிரிவில் அது சட்டப் பழக்கத்தால் எழுதுவது, சந்தேகத்தால் அல்ல.

பயிற்றுவித்த மாடல் சூழலைப் பார்க்கும். மருந்து அடித்ததையும் குடித்ததையும் பிரிக்கும், தகப்பனாரின் தற்கொலையை மகன் கணக்கில் எழுதாது. பெரும்பாலும், அவ்வளவுதான். ஒரே நோயாளியின் குறிப்புகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால், நகலெடுத்து ஒட்டிய வரிகளை நினைவிலிருந்து ஒப்பித்தே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஆகவே நோயாளிவாரியாகப் பிரியுங்கள். சோதனைக்கென்று பிந்தைய மாதங்களின் குறிப்புகளை ஒதுக்கிவையுங்கள்.

இனி கணக்கு. 10,000 குறிப்புகளில் 100 மட்டும் உண்மை என்று வைத்துக்கொள்வோம். சொற்பட்டியல் 95-ஐப் பிடித்து, கூடவே 900 தவறானவற்றையும் அள்ளுகிறது: படிக்க வேண்டியவை 995, உண்மை பத்தில் ஒன்றுகூட இல்லை. மாடல் 85-ஐப் பிடித்து 99 தவறோடு வருகிறது: படிக்க 184, கிட்டத்தட்ட பாதி உண்மை. மாடல் ஜெயித்தது போலத் தெரியும்; ஆனால் விட்டது 15 பேரை. நேரடி கவனிப்புக்கு என்றால் சொற்பட்டியலின் அகல வலையே என் தேர்வு. மாடலை அந்த 995-ஐ வரிசைப்படுத்த மட்டும் விடலாம், தள்ளிவிட அல்ல.

அதற்கும் ஒரு கண்ணி உண்டு. சிக்காத 9,005-இல் 600-ஐக் குலுக்கி எடுத்துப் படித்தோம், ஒன்றும் தவறவில்லை என்று அறிக்கை எழுதுவார்கள். பூஜ்யம் கிடைத்தாலும், உண்மையில் தவறியிருக்கக்கூடியவற்றின் மேல் வரம்பு ஏறக்குறைய 600-க்கு 3, அதாவது அரை சதவீதம். 9,005-இல் அது 45 பேர்! மொத்த உண்மையே 100 என்னும்போது, அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. நச்சு முறிவு சிகிச்சை பெற்றவர்களிடமிருந்து அதிகமாக மாதிரி எடுத்து, இருவர் தனித்தனியே குறியிட்டு, முரண்பட்டதை மூன்றாமவர் முடிவு செய்வதே உருப்படியான வழி. மருத்துவரே குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் ‘தெரியாமல் குடித்தது’ என்று எழுதிவிட்டால், இரண்டு வழிக்கும் அது எட்டாது.

அந்தரங்கத்தில் சொற்பட்டியலுக்கே அனுகூலம்: விதி யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. மாடல் வைத்துக்கொள்ளலாம், அதனால் மாடல் கோப்பையே கேஸ் ஷீட்டைப் போலப் பூட்டி, ஆஸ்பத்திரிக் கணினிக்குள்ளேயே ஓட்ட வேண்டும். பெயர் நீக்குவதும் இங்கே எளிதல்ல. அன்பு, வெற்றி என்பவை பெயரா, சொல்லா? தேதிகளை நோயாளிவாரியாக ஒரே நாள் கணக்கில் தள்ளிவைத்தாலும், ‘ஆடிப்பெருக்கு அன்று’ என்ற இரண்டு சொல் நாளைக் காட்டிக்கொடுக்கும். ‘மேட்டூர் திறந்த மறுநாள்’ என்பதும் அப்படியே. சிறு கிராமத்தின் பெயரோடு அது சேர்ந்தால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். ஊரைத் தாலுகாவாகவும், பண்டிகையை ‘ஒரு நாள்’ என்றும் மாற்றுங்கள்.

சிக்கிய பெயர்ப்பட்டியல் மனநல மருத்துவருக்கும் சமூகப் பணியாளருக்கும் மட்டும் போகட்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே முதலில் கருதச் சொல்கிறது. யார் எப்போது அந்தப் பட்டியலைத் திறந்தார்கள் என்ற பதிவேட்டை, அதைத் திறக்க முடியாத வேறொருவர் மாதாமாதம் பார்க்க வேண்டும்.