மேலாளர் மீது புகார்: தேதி வரிசையா, தலைப்பு வாரியா?

மேலாளரின் நடத்தையைப் பற்றி எச்.ஆருக்கு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒன்று, 'பாரபட்சம்', 'அவமதிப்பு' என்று தலைப்பு போட்டுப் பிரித்து எழுதுவது. இன்னொன்று, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டே போவது.

படிக்கச் சுலபம் தலைப்பு வடிவம்தான். ஆனால் 'பாரபட்சம்' என்று தலைப்பு வைத்தவுடனே தீர்ப்பை நாமே எழுதிவிடுகிறோம். அதன் கீழே 'வேண்டுமென்றே', 'என்னைப் பிடிக்காது' எல்லாம் தானாக வந்து உட்காரும். மேலாளரும் நடந்ததை விட்டுவிட்டு, அந்த ஒரு சொல்லை மறுத்தே பதில் எழுதிவிடலாம்.

தேதி வடிவத்தில் அதற்கு இடம் குறைவு. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"2025 மார்ச் 4, செவ்வாய், காலை சுமார் 10.15. வாராந்திரக் கூட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். பிப்ரவரி அறிக்கையில் நான் ஒரு தொகையை விட்டிருந்தேன். மேலாளர், 'உனக்கெல்லாம் கூட்டல் கழித்தல் யார் சொல்லிக்கொடுத்தது?' என்று கேட்டு, கோப்பை மேசையில் எறிந்தார். 11.40க்கு அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன் (இணைப்பு 1). இன்றுவரை பதில் இல்லை."

'கோபமாக' என்ற சொல்கூட இல்லை, கோப்பு எறிந்தது இருக்கிறது. தன் தவறையும் அவரே சொல்லிவிட்டதால், மேலாளர் அதைப் புதிதாக எடுத்து நீட்ட முடியாது.

காதில் விழுந்ததை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "என் விடுப்பை மறுத்தவர், சக ஊழியருக்குக் கொடுத்தார்" என்பது நேரில் தெரிந்தால் மட்டுமே சரி. இல்லையென்றால், "தனக்கு விடுப்பு கிடைத்ததாகச் சக ஊழியர் மார்ச் 13 அன்று என்னிடம் சொன்னார்" என்று எழுத வேண்டும். தேதி நினைவில்லையா, 'மார்ச் இரண்டாம் வாரம்' போதும். குத்துமதிப்பாக ஒரு நாளைப் போட்டு, அன்று மேலாளர் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தால் மற்றவற்றையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

தேதி வடிவத்துக்கும் ஒரு குறை உண்டு. பதினைந்து சம்பவங்கள் சேர்ந்தால் படிப்பவருக்கு எது முக்கியம் என்று பிடிபடாது. அப்போது என் தேர்வு கலப்புதான்: மேலே "2025 ஜனவரி முதல் ஜூன் வரை, கூட்டங்களில் ஒன்பது முறை, விடுப்பு தொடர்பாக ஆறு முறை" என்று எண்ணிக்கை மட்டும், கீழே தேதி வரிசை. அந்த எண்ணிக்கை வரி தலைப்பு செய்யும் வேலையைச் செய்துவிடும், தீர்ப்பு எதுவும் சொல்லாமல்.

பாலியல் தொல்லை என்றால் எந்த வடிவம் என்ற யோசனைக்கே இடமில்லை. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்ட பெண் எழுத்துப் புகாரை உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தொடர் சம்பவங்களானால் கடைசிச் சம்பவத் தேதியிலிருந்து கணக்கு. குழு காரணம் பார்த்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம். அங்கே கடைசித் தேதி எது என்று தேட வைக்காத தேதி வரிசையே நல்லது.