சப்டைட்டில் போட ஆள் தேடுகிறவர்களுக்கு: கோப்பின் கடைசி எண்ணை முதலில் பாருங்கள்

போன மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். சின்ன வீடியோ வேலைகளுக்கு நிமிடக் கணக்கில் காசு பேசி ஆள் வைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும்.

தாராவியில் விடியற்காலை இட்லி அவித்து மும்பை முழுக்க அனுப்பும் நம் பெண்களைப் பற்றி நானும் ஒரு தோழியுமாகப் பதினெட்டு நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். பேசுகிறவர்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஒரு குறும்பட விழாவுக்கு அனுப்ப ஆங்கில சப்டைட்டில் வேண்டும். வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு பதிவு முடிகிறது. எங்கள் கையில் இருந்தது எட்டு நாள்.

செம்பூர் தமிழர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு தம்பியின் எண் கிடைத்தது. நிமிடத்துக்கு 180 ரூபாய் என்றார். பதினெட்டு நிமிடத்துக்கு 3,240. பாதியை முன்பணமாக அனுப்பினேன். அவர் வீடியோவைக் கேட்காமலேயே விலை சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு நிமிடத்தில் ஒருவர் மெதுவாக நான்கு வாக்கியம் பேசலாம், மூன்று பேர் சேர்ந்து இருபது வாக்கியமும் பேசலாம். நிமிடக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே கூலிதான், ஆனால் இரண்டாவதில் வேலை பல மடங்கு. அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் பேச்சு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, சத்தம் தெளிவாக இருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்துவிட்டே விலை சொல்வார்கள்.

சனிக்கிழமை முதல் மூன்று நிமிடத்தை மாதிரியாக அனுப்பினார். நன்றாகவே இருந்தது. வாக்கியங்கள் சரியான இடத்தில் உடைந்திருந்தன, பேச்சோடு எழுத்து ஒட்டி வந்தது. மீதியைச் செவ்வாய்க்கிழமை மாலை தருவதாகப் பேச்சு. அன்றைக்குக் கேட்டால் "நாளைக்கு அக்கா" என்றார். புதன்கிழமை முழுக்கப் போன் எடுக்கவில்லை. வியாழன் இரவு பதினொரு மணிக்குக் கோப்பு வந்தது, கூடவே "மீதிப் பணம் இப்பவே போட்டுருங்க அக்கா" என்று ஒரு செய்தியும்.

நல்லவேளை, பணம் போடும் முன் கோப்பைத் திறந்தோம். .srt கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தாலே போதும். ஒவ்வொரு சப்டைட்டிலுக்கும் ஒரு வரிசை எண், அதன் கீழே அது தோன்றும் நேரமும் மறையும் நேரமும், அதன் கீழே வாசகம் என்று இருக்கும். ஆக, கோப்பின் கடைசிக்குப் போய் எண்ணைப் பார்த்தால் மொத்தம் எத்தனை சப்டைட்டில் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். எங்களுடையதில் கடைசி எண் 131. அதில் மாதிரியாக வந்த முதல் மூன்று நிமிடத்துக்கே 48, அதாவது நிமிடத்துக்குப் பதினாறு. மீதிப் பதினைந்து நிமிடத்துக்கு 83, நிமிடத்துக்கு ஆறுகூட இல்லை. படத்தில் பேச்சு எங்கேயும் குறையவில்லை. பாதிக்கு மேல் மொழிபெயர்க்காமலே விட்டிருக்கிறார் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

நடுவில் ஒரு இடத்தில் நேரம் இப்படி இருந்தது:

```
71
00:07:12,000 --> 00:07:26,000
```

ஒரே சப்டைட்டில் பதினான்கு விநாடி திரையில் நிற்கிறது. ஒரு சப்டைட்டில் ஏழு விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது, இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது என்று நெட்ஃபிளிக்ஸே தன் வழிகாட்டியில் வைத்திருக்கிறது. அந்தப் பதினான்கு விநாடிக்குள் இரண்டு பெண்கள் மாறி மாறி ஐந்து வாக்கியம் பேசுகிறார்கள். எழுதியிருந்தது ஒன்றே ஒன்று. காற்புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கத்தையும் பாருங்கள், அது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேச்சைக் கேட்டு வாய் திறக்கும் இடத்தில் நேரம் குறித்திருந்தால் அங்கே 280, 615 என்று ஏதாவது இருக்கும், மாதிரியில் அப்படித்தான் இருந்தது. நான்காவது நிமிடத்திலிருந்து எல்லாமே 000. காதால் கேட்காமல் உத்தேசமாக எண்ணை அடித்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு மனசு விட்டுப்போனது. ஒரு ஆச்சி சொல்கிறார்: "வெள்ளன எந்திச்சு மாவ ஊத்துனாத்தான் ஆறு மணிக்குச் சைக்கிள்காரன் வரும்போது குடுக்க முடியும்." வெள்ளன என்றால் விடியும் முன்னே. சப்டைட்டிலில் 'மாவு வெள்ளையாக இருந்தால்தான் ஆறு மணிக்கு விற்க முடியும்' என்ற பொருளில் ஆங்கிலம் இருக்கிறது. அவரே கொதிக்கும் இட்லிக் கொப்பரையை இறக்கும் பேரனைப் பார்த்து "பையத் தூக்குலே" என்கிறார். மெதுவாகத் தூக்கு என்று பதறிச் சொல்வது. திரையில் 'பையைத் தூக்கு' என்று வருகிறது. அந்தக் காட்சியில் பையே இல்லை. நாற்பது வருடமாக மூன்று மணிக்கு எழும் ஒரு மனுஷியின் வாயில் அவர் சொல்லாததைத் திணித்து வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

போன் செய்து சண்டை போட்ட பிறகு உண்மை வந்தது. மாதிரியை மட்டும் அவர் செய்திருக்கிறார். மீதியைக் குறைந்த காசுக்கு வேறொருவரிடம் தள்ளிவிட்டார். அந்த ஆளுக்கு நெல்லைப் பேச்சு பழக்கமில்லையாம். "நிமிஷக் கணக்குலதானே பேசினோம் அக்கா, எல்லா நிமிஷத்துலயும் எழுத்து ஓடுதே" என்றும் தம்பி சொன்னார். மீதிப் பணம் தர முடியாது என்றேன். முன்பணம் 1,620 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை.

சயானில் இருக்கும் தோழியின் அண்ணி பாளையங்கோட்டைக்காரர். அன்று இரவே அவரை எழுப்பி, மூன்று பேருமாக உட்கார்ந்தோம். அவர் கேட்டுச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுத, தோழி நேரம் குறித்தாள். மீதிப் பதினைந்து நிமிடத்துக்கு மறுநாள் மதியம் வரை ஆனது. முடித்தபோது கடைசி எண் 268.

இனி ஆள் வைக்கும்போது மாதிரிக்குரிய இடத்தை நான்தான் குறிப்பேன், அதுவும் படத்தின் நடுவில், இரண்டு பேர் ஒன்றாகப் பேசுகிற, வட்டார வழக்கு கனமாக இருக்கிற இரண்டு நிமிடமாக. தொடக்கம் பல படங்களில் நிதானமாகத்தான் இருக்கும். விழாவின் கடைசித் தேதியையும் சொல்ல மாட்டேன். நான் அதைச் சொன்னதால்தான், சரிபார்க்கவே நேரமில்லாதபடி கடைசி இரவில் கோப்பு வந்தது என்று நினைக்கிறேன். மூன்று நாள் முன்னதாக ஒரு தேதி கொடுத்து, அதற்கும் முன்னால் பாதிக் கோப்பைக் கேட்க வேண்டும். பாதி கைக்கு வந்ததும் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டால் மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் இருக்கும். அப்புறம், சொன்ன விலையில் பேச்சை எழுதுவது, மொழிபெயர்ப்பது, நேரம் குறிப்பது, ஒரு முறை திருத்துவது எல்லாம் அடக்கமா, வேலையைச் செய்யப்போவது அவரேதானா என்பதை முன்பணத்துக்கு முன்னால் செய்தியாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் எல்லாவற்றையும் போனில் பேசினேன். இப்போது முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது காட்டுவதற்கு என்னிடம் 1,620 ரூபாய் அனுப்பிய ரசீது மட்டும்தான் இருக்கிறது.