ஃபிரிட்ஜ் சோறா, ராஜ்மாவா?

டெல்லி மயூர் விஹாரில் அம்மா முந்தின நாள் சோற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கித்தான் சாப்பிடுகிறார், சர்க்கரை ஏறாது என்று யாரோ சொன்னார்களாம். சொன்னதில் உண்மை இருக்கிறது. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது, திரும்பச் சூடாக்கினாலும் அதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

ஆனால் அளவைப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் இப்படிச் செரிக்காத மாவுச்சத்து கூடுவது சுமார் 1 கிராம்தான். அதே 100 கிராம் வெந்த ராஜ்மாவில் நார்ச்சத்தே 6 கிராமுக்கு மேல், செரிக்காத மாவுச்சத்து தனி. குடல் பாக்டீரியாக்கள் இரண்டையும் நொதிக்கவைத்து பியூட்ரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக்குகின்றன, இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோன் சுரக்க அவை உதவுகின்றன. தீனி அதிகம் கிடைப்பது ராஜ்மாவில்தான்.

அதனால் அம்மாவிடம் சொன்னேன்: "இரண்டு கரண்டி சோற்றில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் ராஜ்மா போட்டுக்கொள்ளுங்கள்." முதல் வாரம் வயிறு உப்பியது. அரைக் கரண்டியாகக் குறைத்து மெதுவாகக் கூட்டினோம், சரியானது. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.