டைல்களுக்கு நடுவே மினுக்கும் கோடுகள்: ஒரு 2டி எஞ்சினுடன் சில ஆண்டுகள்

நான் பயன்படுத்தும் விளையாட்டு எஞ்சினின் விலை அண்மையில் பாதியாகக் குறைந்திருக்கிறது. அதைக் கண்டதும் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் நண்பர் ஒருவர், "அண்ணே, இப்போது வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் விரிவாக எழுதுகிறேன். எஞ்சினின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் குறைகூறும் விஷயம் ஏதாவதொரு வடிவில் மற்ற எஞ்சின்களிலும் தலைகாட்டக்கூடியது என்பதால் பெயர் இங்கே அவ்வளவு முக்கியமும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டைல்கள் எனும் சிறு சதுரப் படங்களை அடுக்கிக் காட்சி வரையும் இதன் டைல்மேப் எடிட்டரைப் போல் கைக்கு இசைவான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஜார்ஜ்டவுனின் லெபோ பசாரை ஒத்த ஒரு தெருவை, கடைவீடுகளும் அவற்றின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையும் சாக்கடை ஓரமுமாக, ஒரு மாலைப்பொழுதில் வரைந்து முடித்துவிடலாம்; மூலை வந்தால் மூலை டைலையும் விளிம்பு வந்தால் விளிம்பு டைலையும் அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பழைய மடிக்கணினியிலும் தடங்கலின்றி ஓடுகிறது. இத்தனையும் இருந்தும், என் பொறுமையை விடாமல் சோதித்துவரும் ஒன்று இருக்கிறது: பாத்திரம் நடக்கும்போது டைல்களுக்கு நடுவே முடியளவு மெல்லிய கோடுகள் மின்னி மறைவது.

இது ஒரே கோளாறு அன்று, ஒரே முகம் கொண்ட இரண்டு கோளாறுகள். ஒன்றில், டைல்கள் எல்லாம் அடங்கிய படமான டெக்ஸ்சரில் பக்கத்தில் இருக்கும் டைலின் நிறம் கசிந்து வருகிறது. மற்றொன்றில் இரண்டு டைல்களுக்கு இடையே உண்மையிலேயே ஒரு பிக்சல் இடைவெளி விழுந்து பின்னணி தெரிகிறது. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றைத் தீர்ப்பதில்லை. ஆனால் எஞ்சினின் கையேடு இரண்டையும் ஒரே பத்தியில் போட்டு, "பிக்சல் ஸ்னாப்பை இயக்கவும்" என்று முடித்துவிடுகிறது. என் கோபமெல்லாம் அந்த ஒரு வரியின் மீதுதான்.

கசிவை முதலில் எடுத்துக்கொள்வோம். என் டைல்செட் 256×256 அளவுள்ள படம். ஒவ்வொரு டைலும் 16 பிக்சல். அஞ்சடியின் சிவப்பும் மஞ்சளுமான பூவேலைத் தரை, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் நெடுவரிசையில், 48 முதல் 63 வரையிலான டெக்செல்களில், அதாவது டெக்ஸ்சரின் பிக்சல்களில், இருக்கிறது. அதற்கு இடப்பக்கம், 47ஆம் டெக்செலோடு முடிவது, படகுத்துறைக் காட்சிக்கான நீலக் கடல்நீர். திரையில் ஒவ்வொரு பிக்சலின் மையத்துக்கும் எந்த டெக்செல் நேர்கிறது என்று ஜிபியு கணக்கிட்டு அதன் நிறத்தை எடுக்கும். மும்மடங்கு பெரிதாக்கிக் காட்டும்போது ஒரு டெக்செல் மூன்று திரைப் பிக்சல்களை நிரப்பும். கேமரா முழு எண்ணில் நிற்கும் வரை ஒவ்வொரு மையமும் டெக்செலுக்குள் பத்திரமாக விழும், கோடு வராது.

ஆனால் பாத்திரத்தைப் பின்தொடரும் கேமரா முழு எண்ணில் நிற்பதில்லை, பின்னங்களில் வழுக்கிச் செல்கிறது. ஏதோ ஒரு ஃபிரேமில் டைலின் இட விளிம்பு சரியாக ஒரு பிக்சலின் மையத்தின் மேலேயே வந்து அமர்கிறது. அப்படி அமர்ந்தால் அந்தப் பிக்சல் வலப்பக்க டைலுக்கே சேரும் என்பது ஜிபியுவின் விதி. அங்கே டெக்ஸ்சர் கணக்கு மிகச் சரியாக 48.0 என்று வர வேண்டும். தசமக் கணக்கின் பிழையால் அது 47.9999 ஆகிவிட்டால், நிறங்களைக் கலக்காமல் ஒரே ஒரு டெக்செலை எடுக்கும் நியரஸ்ட் ஃபில்டர் தயங்காமல் 47ஆம் டெக்செலை, அதாவது கடலின் நீலத்தை, எடுத்துத் தருகிறது. அடுத்த ஃபிரேமில் கேமரா சற்று நகர்ந்துவிடுவதால் கோடும் மறைந்துவிடுகிறது. மும்மடங்கில் எல்லா டைல்களும் 48 பிக்சல் அகலமாக இருப்பதால், ஒன்றின் விளிம்பு மையத்தில் அமர்ந்தால் அத்தனை நெடுவரிசைகளின் விளிம்புகளும் அமர்கின்றன. எனவே திரை முழுதும் கம்பிவலை போட்டதுபோல் ஒரு கணம் மின்னுகிறது. கோடு வந்தும் போயும் விளையாட்டுக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

லீனியர் ஃபில்டரில் கதை வேறு. அங்கே இரண்டு டெக்செல் மையங்களுக்கு நடுவே நிறம் கலக்கப்படுவதால், கேமரா அசையாமல் நின்றாலும் விளிம்பை ஒட்டிய பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு பக்கத்து டைலின் நிறமாகவே இருக்கும். மினுக்கம் இருக்காது, நிலையான, மங்கலான ஒரு கோடு தெரியும். கோடு நிலையாக நிற்கிறதா, நகரும்போது மட்டும் மின்னுகிறதா என்று கவனித்தாலே எந்த ஃபில்டர் இயங்குகிறது என்று ஊகித்துவிடலாம்.

கசிவுக்கு முறையான மருந்து எக்ஸ்ட்ரூட் செய்வது. ஒவ்வொரு டைலின் விளிம்பு டெக்செல்களையும் வெளிப்பக்கமாக ஒரு பிக்சல் நகலெடுத்துவிட்டால், கணக்கு அரைக்கால் வழுக்கினாலும் டைலுக்குக் கிடைப்பது தன் நிறமே. 16 பிக்சல் டைல் அப்போது 18 பிக்சல் இடம் பிடிக்கும். 256 அகலத்தில் 16 நெடுவரிசைகளுக்குப் பதில் 14 மட்டுமே அடங்கும். Tiled போன்ற வரைபடக் கருவியில் Margin 1 என்றும் Spacing 2 என்றும் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நகலெடுக்காமல், டைல்களுக்கு நடுவே வெறும் காலியிடம் விட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. அப்போது கடலின் நீலத்துக்குப் பதில் வெற்றிடத்தின் ஒளிபுகு தன்மை கசிந்து, பின்னால் இருக்கும் நிறம் தெரியும்; கசிவு இடைவெளியைப் போல் வேடமிட்டு நம்மைத் தவறான பக்கம் தேட வைக்கும்.

டெக்ஸ்சர் எல்லையை அரை டெக்செல் உள்ளே இழுப்பது இன்னொரு வழி. லீனியருக்கு அந்த அரை டெக்செல் தேவைதான். நியரஸ்டில் நூறில் ஒரு டெக்செல் இழுத்தாலே பெரும்பாலும் போதும். அங்கேயும் அரை டெக்செல் இழுத்தால் விளிம்புப் பிக்சல்கள் மற்றவற்றின் பாதி அகலமாகத் தேய்ந்துவிடும். பூவேலைத் தரை போன்ற ஒழுங்கான வடிவத்தில் அது உடனே கண்ணில் உறுத்தும்.

இனி இடைவெளி. பெரிதாக்குவதற்கு முன் என் விளையாட்டு வரையப்படும் உள்திரையின் உயரம் 270 பிக்சல். 1080 உயரத் திரையில் அது நேராக நான்கு மடங்காகிவிடுவதால் கணினியில் ஒரு சிக்கலும் இல்லை. என் கைப்பேசியின் திரையோ 720 உயரம், மடங்கு 2.667 ஆகிறது, ஒரு டைலின் அகலம் 42.67 பிக்சல். கையேடு சொல்லும் பிக்சல் ஸ்னாப்பை இயக்கினால், எஞ்சின் ஒவ்வொரு டைலின் தொடக்கத்தையும் தனித்தனியே அருகிலுள்ள முழு எண்ணாக்குகிறது: 0, 43, 85, 128. அகலத்தை மட்டும் தசமத்தை வெட்டி 42 என்று வைத்துக்கொள்கிறது. முதல் டைல் 42இல் முடிகிறது, இரண்டாவது 43இல் தொடங்குகிறது. நடுவில் ஒரு பிக்சல் காலி. இரண்டாவது 85இல் முடிந்து மூன்றாவதோடு ஒழுங்காகப் பொருந்துகிறது. மூன்றாவது 127இல் முடிய, நான்காவது 128இல் தொடங்க, மறுபடி ஒரு பிக்சல் காலி. மூன்று டைல்களுக்கு இரண்டு இடைவெளிகள். கேமரா நகர நகர அவையும் இடம் மாறி ஊர்கின்றன. அகலத்தை 43 என்று வைத்தால் இடைவெளி போய்விடும், ஆனால் டைல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாதி ஒளிபுகும் நிழல் டைல்களில் கருங்கோடு விழும். கோட்டைப் போக்கத் தந்த வசதியே கோட்டைப் போடுகிறது என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அகலத்தைக் கணக்கிடாமல் இரண்டு விளிம்புகளையும் கணக்கிடுவதே தீர்வு. எஞ்சினின் டைல்மேப் வரையும் பகுதியை ஒதுக்கிவிட்டு நானே எழுதிக்கொண்டது இவ்வளவுதான்:

```
left  = round((col * 16 - cam_x) * scale)
right = round(((col + 1) * 16 - cam_x) * scale)
width = right - left
```

ஒரு டைலின் வல விளிம்பும் அடுத்ததன் இட விளிம்பும் ஒரே கணக்கிலிருந்து வருவதால், இரண்டும் எப்போதும் ஒரே முழு எண்ணாகவே இருக்கும். டைல்கள் 43, 42, 43 என்று அகலத்தில் மாறிமாறி வரும். கூர்ந்து பார்த்தால் நகரும்போது தரையின் பூவேலை லேசாக நெளிவது தெரியும். அதுவும் வேண்டாம் என்றால் உள்திரை உயரத்தை 360 ஆக்கிக்கொள்ளலாம்: 720 திரையில் இரண்டு மடங்கு, 1080இல் மூன்று, 1440இல் நான்கு. தெருவின் கூடுதல் பகுதி திரையில் தெரிவதால் பாத்திரம் சிறியதாகிவிடும் என்பதே அதற்குத் தர வேண்டிய விலை. என் விளையாட்டுக்கு அது ஒத்துவரவில்லை.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்க எஞ்சினின் பின்னணி நிறத்தைப் பளீரென்ற மஜெந்தாவாக மாற்றினால் போதும். கோடும் மஜெந்தாவானால் அது இடைவெளி, அல்லது காலியிடம் விட்ட டைல்செட்டின் கசிவு. டைல்செட்டில் காலியிடம் இல்லையென்றால் அந்தச் சந்தேகமும் இல்லை. கோடு தன் நிறத்திலேயே நின்றால் பக்கத்து டைல் கசிகிறது என்று அர்த்தம். டைல்செட்டில் அந்தப் பக்கத்து டைலைப் பச்சையால் நிரப்பிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். என் கைப்பேசியில் இரண்டு நோய்களும் ஒன்றாக இருந்தன: மஜெந்தாக் கோடுகளும் நீலக் கோடுகளும் ஒரே திரையில்.

நியாயமாகப் பேசினால், ஜிபியு நிறம் எடுக்கும் முறைக்கு எஞ்சினைக் குறைசொல்ல முடியாது. ஆனால் டைல்செட்டை உள்ளே கொண்டுவரும்போது எக்ஸ்ட்ரூட் செய்யட்டுமா என்று கேட்கும் ஒரு பெட்டியை வைப்பதும், அகலத்தை வெட்டாமல் விளிம்பைக் கணக்கிடுவதும் அதன் கையில்தான் இருக்கின்றன. எத்தனையோ பதிப்புகள் வந்தன. எடிட்டரின் ஐகான்கள் இருமுறை மாறின. இது மட்டும் மாறவில்லை.

ஆகவே தம்பி, இத்தனை புகழ்ச்சிக்குப் பிறகும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். நான் மட்டும் இதை விட்டுப் போகப்போவதில்லை. அந்த எடிட்டருக்குக் கை பழகிவிட்டது, வரையும் பகுதியும் இப்போது என்னுடையது. பாதி விலையின் ஆசை அப்படியும் அடங்கவில்லையென்றால், பணம் கட்டுவதற்கு முன் சோதனைப் பதிப்பை இறக்கி, பின்னணியை மஜெந்தாவாக்கி, உங்களிடம் இருக்கும் மிக மலிவான கைப்பேசியில் ஒரு தெருவை மெதுவாக நடந்து பாருங்கள். கணினியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1080 திரையில் இந்த எஞ்சின் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும்.